உடம்புக்கு முடியாத நாளுக்கும் சம்பளம் உண்டு: ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை பற்றித் தெரிந்துகொள்வோம்



நம் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் பகுதிக் குழுக்களில் மில்லுக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் ஆண்டிபட்டி, தேனி பக்கத்து நூற்பாலைகள். கொஞ்சம் தள்ளித் திண்டுக்கல், திருப்பூர். குழுக் கூட்டத்தில் இவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மாசா மாசம் சம்பளத்துல ஈ.எஸ்.ஐ.ன்னு பிடிக்கிறாங்க. மாத்திரை வாங்குறதுக்கு மட்டும்தானா அது?"

இல்லை. மாத்திரையும் வைத்தியமும் அதில் ஒரு பாதிதான். நோயால் வேலைக்குப் போக முடியாமல் சம்பளம் இழக்கிற நாட்களுக்குப் பணம் தருவது அதன் இன்னொரு பாதி. அதற்கு நோய்க்கால உதவித்தொகை என்று பெயர். பலரும் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. சிலர் கேட்டும் கிடைக்காமல் திரும்பி வருகிறார்கள். எத்தனை நாளுக்குக் கிடைக்கும், விண்ணப்பத்தை அலுவலகத்தில் எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்ற இரண்டையும் இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை நம்மில் பலரிடம் இருக்கிறது. அது ஆபரேஷன் போன்ற பெரிய சிகிச்சைக்கான செலவை மருத்துவமனைக்குக் கட்டும். நாம் வீட்டில் படுத்திருக்கும் நாளுக்குக் கூலி தராது. கூலி இழப்புக்குப் பணம் தருவது ஈ.எஸ்.ஐ. இந்தியாவில் 1952லும், நம் மாநிலத்தில் 1955ல் கோயம்புத்தூரிலும் தொடங்கிய ஏற்பாடு இது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்துவந்த இது, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் தொடர்கிறது.

யாருக்கு உண்டு?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலை, கம்பெனி, கடை ஆகியவற்றில் மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உண்டு. நம் சம்பளத்தில் நூற்றுக்கு 75 பைசா பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக நூற்றுக்கு ரூ.3.25 சேர்த்துக் கட்ட வேண்டும். 2019 ஜூலை முதல் இதுதான் விகிதம். காண்டிராக்டர் மூலமாக வேலைக்கு எடுத்திருந்தாலும் இது பொருந்தும். ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பீட்டு எண் தருவார்கள். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது.

லோயர் கேம்ப்பிலிருந்து காலையில் ஜீப் ஏறிக் குமுளி மலைக்கு மேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற அக்காமார்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தோட்டத் தொழிலாளருக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் நோய்க்காலப் படி என்று தனியாக எழுதியிருந்தார்கள். இப்போதைய தொகுப்புச் சட்டத்தில், தோட்ட முதலாளி விரும்பினால் தன் தொழிலாளர்களை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம். உங்கள் தோட்டத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று கங்காணியிடமோ தோட்ட அலுவலகத்திலோ கேளுங்கள். சேர்த்திருந்தால் உங்கள் பெயரில் காப்பீட்டு எண் இருக்கும்.

78 நாள் கணக்கு

உதவித்தொகை கிடைக்குமா கிடைக்காதா என்பது நோய் வந்த அன்றைக்கு முடிவாவதில்லை. பல மாதங்களுக்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. இதுதான் நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்.

வருடத்தை இரண்டு அரையாண்டாகப் பிரித்துச் சந்தாவைக் கணக்கிடுகிறார்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. முதல் அரையாண்டில் கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பலன். இரண்டாவது அரையாண்டில் கட்டிய சந்தாவுக்கு, அடுத்து வரும் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை பலன். விதைப்பது ஒரு பருவம், அறுப்பது இன்னொரு பருவம் என்பது போலத்தான் இதுவும்.

அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். 77 நாள் என்றால் கிடைக்காது. மாதத்துக்கு 13 நாள் வீதம் ஆறு மாதம் வேலை செய்தாலே 78 வந்துவிடும். அதனால் ஒழுங்காக வேலைக்குப் போகிற எவருக்கும் இது எட்டாத கணக்கு இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ஒரு பெண் மாதம் 24 நாள் வேலைக்குப் போகிறார். ஆனால் காண்டிராக்டர் ஈ.எஸ்.ஐ. கணக்கில் மாதம் 12 நாள் என்றுதான் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு 72 நாள்தான் ஆகும். அந்தப் பெண் 144 நாள் உழைத்திருந்தாலும், காகிதத்தில் 6 நாள் குறைவதால் உதவித்தொகை முழுவதும் போய்விடும். அதனால் சம்பளச் சீட்டில் எத்தனை ரூபாய் பிடித்தார்கள் என்று பார்ப்பதோடு, எத்தனை நாள் காட்டியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். www.esic.gov.in என்ற இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைக் கொண்டு நம் சந்தா விவரத்தைப் பார்க்கலாம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

புதிதாக ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்கு, சேர்ந்த நாளிலிருந்து 9 மாதம் கழித்துத்தான் நோய்க்கால உதவித்தொகை தொடங்கும். வைத்தியத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது.

எத்தனை நாள், எவ்வளவு பணம்?

அடுத்தடுத்து வரும் இரண்டு பலன் காலங்களில், அதாவது சுமார் ஒரு வருடத்தில், மொத்தம் 91 நாள் வரை கிடைக்கும். ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை. ஒரே தடவையாகவும் எடுக்க வேண்டியதில்லை. ஒரு நாளுக்குக் கிடைப்பது நம் சராசரி தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 70.

ஒவ்வொரு தடவை நோய் வரும்போதும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. மூன்றாவது நாளிலிருந்துதான் கணக்கு. முன்பு உதவித்தொகை வாங்கிய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்துவிட்டால், அந்த இரண்டு நாளைக் கழிக்க மாட்டார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லோயர் கேம்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு அக்கா, ஆண்டிபட்டி பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை 140 நாள் வேலை. மொத்தச் சம்பளம் ரூ.63,000. அதை 140ஆல் வகுத்தால் ஒரு நாள் சராசரி ரூ.450. அதில் நூற்றுக்கு 70 என்றால் ரூ.315. இதுதான் அவருக்கு ஒரு நாள் உதவித்தொகை.

அடுத்த பிப்ரவரி 3ஆம் தேதி அவருக்கு மஞ்சள் காமாலை. 22ஆம் தேதி வரை வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சான்றிதழ் தருகிறார். மொத்தம் 20 நாள். முதல் இரண்டு நாள் போக 18 நாள். 18 × 315 = ரூ.5,670.

23ஆம் தேதி வேலைக்குத் திரும்புகிறார். மார்ச் 5ஆம் தேதி மறுபடி காய்ச்சல், 10ஆம் தேதி வரை 6 நாள் ஓய்வு. இடையில் 10 நாள்தான் ஆகியிருக்கிறது. அதனால் இந்தத் தடவை இரண்டு நாள் கழிவு இல்லை. 6 × 315 = ரூ.1,890. இரண்டும் சேர்ந்து ரூ.7,560.

91 நாளில் 18ம் 6ம் சேர்ந்து 24 நாள் போய்விட்டது. டிசம்பர் வரைக்கும் இன்னும் 67 நாள் மிச்சம். ஆனால் ஜூலைக்குப் பிறகு நோய் வந்தால், அக்டோபரிலிருந்து மார்ச் வரையிலான சந்தாக் கணக்கைப் பார்ப்பார்கள். அதிலும் 78 நாள் வந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் நோய்க்காக 26 நாள் போகவில்லை என்றாலும், மற்ற நாட்களில் ஒழுங்காகப் போயிருந்தால் 78ஐத் தாண்டிவிடுவார்.

ஆறு மாதத்தில் அந்த அக்காவிடம் பிடித்த சந்தா ரூ.472.50. வந்த பணம் ரூ.7,560. குழுக் கடன் தவணையைத் தவறவிடாமல் கட்டவும், ஐந்து வட்டிக்கு வெளியில் கை நீட்டாமல் இருக்கவும் இந்தப் பணம் போதும்.

காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 91 நாள் முடிந்த பிறகும் கிடைக்கும். சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதம் தருவார்கள். அதற்கு இரண்டு வருடத் தொடர்ச்சியான வேலை வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்ணுக்கு 14 நாள் முழுச் சம்பளம் உண்டு. பிரசவத்துக்கு உள்ள உதவி தனி. அதைப் பெறும் நாட்களுக்கு நோய்க்கால உதவித்தொகையும் சேர்த்து வாங்க முடியாது.

சான்றிதழ்தான் முதல் படி

நோய் வந்ததும் நம் பெயர் பதிவாகியுள்ள ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக வேண்டும். டாக்டர் பார்த்து, வேலைக்குப் போகக் கூடாத நிலைமை என்றால் சான்றிதழ் தருவார். இது படிவம் 7. முதல் நாள் தருவது முதல் சான்றிதழ். நோய் நீடித்தால் பொதுவாக வாரம் ஒரு முறை இடைக்காலச் சான்றிதழ். குணமானதும், இன்ன தேதியிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று இறுதிச் சான்றிதழ். இந்தத் தேதிகள் இடைவெளி இல்லாமல் சங்கிலி போல் தொடர வேண்டும். நடுவில் ஒரு வாரம் டாக்டரைப் பார்க்காமல் விட்டால் அந்த வாரத்துக்குப் பணம் நின்றுபோகும்.

சான்றிதழ் கிடைத்த 3 நாளுக்குள் அது ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் முந்தைய நாட்களுக்கான பணம் குறையலாம். தக்க காரணம் இருந்தால் அதை எழுதிக் கொடுத்து, ஏற்றுக்கொள்ளும்படி கேட்கலாம். சான்றிதழோடு உதவித்தொகை கேட்டுத் தர வேண்டிய விண்ணப்பம் படிவம் 9. அதில் காப்பீட்டு எண், பெயர், வேலை செய்யும் இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலைக்குப் போகவில்லை, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

நம் பகுதியில் ஒரு நடைமுறைக் கஷ்டம் உண்டு. ராத்திரி திடீரென்று முடியாமல் போனால் கம்பம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்துத் தனியார் டாக்டரிடமோதான் ஓடுகிறோம். அந்த டாக்டர் ஈ.எஸ்.ஐ. டாக்டர் இல்லை. அவர் தரும் சான்றிதழை மாற்றுச் சான்று என்று சொல்லி ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அது நேராகப் பணமாக மாறாது. ஏன் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு வர முடியவில்லை என்று கேட்பார்கள். ஈ.எஸ்.ஐ. தரப்பு டாக்டர் அந்தக் காகிதங்களைப் பார்த்துச் சிபாரிசு செய்த பிறகுதான் பணம். அதனால் வெளியில் வைத்தியம் பார்த்தால் ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். எழுந்து நடக்க முடிந்தவுடன் ஈ.எஸ்.ஐ. டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

அலுவலகத்தில் எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

விண்ணப்பம் கிளை அலுவலகத்துக்குப் போனதும் முதலில் ஆளைச் சரிபார்ப்பார்கள். காப்பீட்டு எண்ணில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர், வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இருக்கிற நம் பெண்களுக்கு இந்த இடத்திலேயே தடங்கல் வரும். நோய் வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்து வைப்பது நல்லது.

அடுத்தது சந்தாக் கணக்கு. முதலாளி மாதா மாதம் ஏற்றிய விவரத்தில் 78 நாள் வருகிறதா, சராசரிச் சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நமக்கு வருகிற தொகை, நாம் வாங்கிய சம்பளத்தை வைத்து அல்ல, முதலாளி காட்டிய சம்பளத்தை வைத்துத்தான். மேலே சொன்ன அக்காவுக்கு ரூ.450க்குப் பதிலாக ரூ.350 என்று காட்டியிருந்தால், நாளுக்கு ரூ.315 கிடைக்காது, ரூ.245தான் கிடைக்கும்.

மூன்றாவது, நாம் உண்மையிலேயே வேலைக்குப் போகாமல் இருந்தோமா என்ற விசாரணை. இதற்குப் படிவம் 10 என்று ஒன்று. அலுவலகம் அதை நம் கம்பெனிக்கு அனுப்பும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இவர் வேலைக்கு வந்தாரா, அந்த நாட்களுக்குச் சம்பளமோ, சம்பளத்துடன் கூடிய விடுப்போ கொடுத்தீர்களா என்று கேட்கும். கம்பெனி தன் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பதில் தர வேண்டும்.

இங்கேதான் நிறைய விண்ணப்பம் சிக்குகிறது. அந்த அக்கா பிப்ரவரி 3ஆம் தேதி காலையில் வேலைக்குப் போய், முடியாமல் மதியம் திரும்பி வந்தார் என்று வையுங்கள். பதிவேட்டில் அன்று வருகை விழுந்து சம்பளமும் கொடுத்திருந்தால், அந்த நாள் நோய் நாளாகாது. நோய் 4ஆம் தேதி தொடங்கியதாகக் கணக்காகும். கழிவு 4, 5 தேதிகளுக்குப் போகும். 18 நாள் 17 நாளாகிவிடும். சூப்பர்வைசர் உதவி செய்வதாக நினைத்து நான்கு நாளைச் சம்பள விடுப்பில் போட்டாலும் அப்படித்தான். ஒரே நாளுக்குச் சம்பளமும் உதவித்தொகையும் இரண்டும் கிடைக்காது. அதனால் நோய் விடுப்பு எடுத்ததும், "ஈ.எஸ்.ஐ. சான்றிதழ் போட்டிருக்கேன், லீவு சம்பளத்துல எழுதாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். சான்றிதழின் நகலை மில் அலுவலகத்திலும் கொடுங்கள்.

நான்காவது, டாக்டர் விசாரணை. ஓய்வு நீண்டுகொண்டே போனாலோ சந்தேகம் வந்தாலோ, ஈ.எஸ்.ஐ.யின் மருத்துவ மேற்பார்வை டாக்டரிடம் நேரில் காட்டச் சொல்லிக் கடிதம் வரும். அதற்குக் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் பணத்தை நிறுத்திவிடலாம். அதனால் உடம்பு முடியவில்லை என்று அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். சொல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது விதி.

சான்றிதழில் ஓய்வு இருக்கும்போது, கூப்பிட்டார்கள் என்று திராட்சைத் தோட்டத்துக்கோ நூறு நாள் வேலைக்கோ ஒரு நாள் போய் வந்தாலும் தவறு. வேலை செய்த நாளுக்கு உதவித்தொகை இல்லை. மறைத்து வாங்கினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பொய் விவரம் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தால், நோய்க்கால உதவித்தொகையின் முதல் தொகையை 7 நாளுக்குள் தர வேண்டும் என்பது விதிமுறை. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். வரவில்லை என்றால் சும்மா காத்திருக்காமல், எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். பெயரா, 78 நாளா, கம்பெனியிலிருந்து படிவம் 10 வரவில்லையா, டாக்டர் சிபாரிசா? கம்பெனி பதில் தரவில்லை என்பதுதான் காரணம் என்றால், கம்பெனி அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ.யின் கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-11-2526. நம் பகுதிக்கு மேல் அலுவலகம் மதுரையில் உள்ள துணை மண்டல அலுவலகம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு

மில், கம்பெனி வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு மூன்று காகிதம் கொண்டு வாருங்கள்: கடைசிச் சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை அல்லது காப்பீட்டு எண் எழுதிய தாள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். குழுவில் கணக்கு எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் பார்க்கட்டும். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றா? சீட்டில் காட்டிய நாளும் உண்மையில் போன நாளும் ஒன்றா? மாதம் 13 நாளுக்குக் குறையாமல் இருக்கிறதா?

நாள் குறைவாகக் காட்டியிருந்தால் அதை இப்போதே கேட்க வேண்டும். நோய் வந்து படுத்த பிறகு, முடிந்துபோன அரையாண்டின் கணக்கைத் திருத்த ஓடுவது மிகவும் கஷ்டம். நீங்கள் வேலைக்குப் போன நாட்களை ஒரு சின்ன காலண்டரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காண்டிராக்டரிடம் பேசும்போது கையில் காட்டுவதற்கு அது ஒன்று போதும்.

– கள ஒருங்கிணைப்பாளர்